கேக் ஒத்துக்கொள்கிறது, ஆம்லெட் ஒத்துக்கொள்வதில்லை: குழந்தைகளின் முட்டை ஒவ்வாமை

திருமங்கலத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பையனுக்கு மூன்றரை வயது, எடை பதினைந்து கிலோ. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது முதன்முதலாக ஆம்லெட்டில் ஒரு துண்டு ஊட்டினார்கள். கால் மணி நேரத்தில் வாயைச் சுற்றித் தடித்துச் சிவந்தது, வாந்தியும் எடுத்தான். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்த மருத்துவர், முட்டை ஒவ்வாமை என்று சொல்லி முட்டையை நிறுத்தச் சொன்னார். பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் அவன் கேக் தின்றுவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. “எல்லாம் சரியாகிவிட்டது, பிள்ளைக்கு முட்டை கொடுங்கள்” என்றார் அப்பத்தா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரோட்டா கடையில் கலக்கி ஒரு வாய் கொடுத்தார்கள். உடம்பெல்லாம் தடிப்பு எழும்பிவிட்டது.

இப்படிப்பட்ட வீடுகளில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். கேக் ஒத்துக்கொண்டதால் ஒவ்வாமையே இல்லை என்பது ஒரு கட்சி. கலக்கி ஒத்துக்கொள்ளாததால் கேக்கையும் இனிக் கண்ணில் காட்டக் கூடாது என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே சரியில்லை. அந்தப் பையனுக்கு முட்டை ஒவ்வாமை உண்டு. ஆனால் மாவோடு கலந்து அடுப்பில் நன்றாக வெந்த முட்டையை அவன் உடம்பு ஏற்கக்கூடும். இதைத்தான் ‘பேக் செய்த முட்டையைத் தாங்கும் தன்மை’ என்கிறார்கள். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேர் இந்த வகையில் வருவார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மிச்சமுள்ள மூன்று பேருக்குக் கேக்கும் ஆபத்துதான். யார் எந்தப் பக்கம் என்று வீட்டில் இருந்தபடி சொல்ல முடியாது.

அடுப்பு என்ன செய்கிறது

ஒவ்வாமை என்பது உடம்பின் தற்காப்பு ஏற்பாடு ஒரு புரதத்தை எதிரியாகத் தவறாக அடையாளம் கண்டுகொள்வது. முட்டையில் இந்தக் குழப்பத்தை உண்டாக்குவது பெரும்பாலும் வெள்ளைக்கருவில் உள்ள புரதங்கள். அவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று ஓவால்புமின், வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இதுதான். இன்னொன்று ஓவோமியூகாய்டு, அளவில் இது பத்தில் ஒரு பங்கு அளவுதான், ஆனால் விடாப்பிடியானது.

புரதம் ஒவ்வொன்றும் நூல்கண்டு மாதிரி ஒரு குறிப்பிட்ட விதமாகச் சுருண்டிருக்கிறது. சில குழந்தைகளின் உடம்பு அந்தச் சுருளின் உருவத்தை மட்டுமே அடையாளம் வைத்திருக்கும். சூட்டில் ஓவால்புமினின் சுருள் அவிழ்ந்துவிடும். உருவம் மாறிவிட்டதால் உடம்புக்கு அடையாளம் தெரிவதில்லை, தொந்தரவும் வருவதில்லை. ஓவோமியூகாய்டு அப்படி இல்லை. அதன் மடிப்புகளை உறுதியான கந்தகப் பிணைப்புகள் கட்டி வைத்திருப்பதால் கொதிநீரில் வெந்தாலும் பெரிதாக அவிழாது. ஆகவே ஓவோமியூகாய்டுக்கு எதிராக உடம்பு திரும்பியிருக்கும் குழந்தைக்கு, நன்றாக வேகவைத்த முட்டையும் சேராது. பல நேரங்களில் கேக்கும் சேராது. அந்த ஒரு புரதத்துக்கு மட்டும் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்க முடியும். அதில் எதிர்ப்பு மிகக் குறைவாக இருந்தால் கேக் ஒத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன்; பரிசோதனைத் தாள் முடிவைச் சொல்லிவிடாது.

இங்கே மாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கோதுமை மாவோடு முட்டையைக் கலந்து அதிகச் சூட்டில் நெடுநேரம் வேகவைத்தால், முட்டைப் புரதம் மாவின் புரதத்தோடு பின்னிக்கொண்டு கரையாத கட்டியாகிவிடுகிறது. குடலில் அது முழு உருவத்தோடு வெளிப்படுவது குறைகிறது. ஆகவே சூடு, நேரம், மாவு ஆகிய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். மருத்துவமனைச் சோதனைகளில் வழக்கமாகப் பயன்படும் அளவு ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முப்பது நிமிடம்.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பண்டங்களைப் பார்த்தால் சில வியப்புகள் காத்திருக்கின்றன. முட்டை பப்ஸ் ஓவனில் வெந்து வருகிறது; ஆனால் உள்ளே இருப்பது வேகவைத்த முட்டையின் பாதி. அது மாவில் கலக்கவே இல்லை. எனவே ‘பேக் செய்த முட்டை’க் கணக்கில் அது சேராது. தூத்துக்குடி மக்ரூன் இன்னும் ஏமாற்றக்கூடியது. வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூள் கலந்து, மெல்லிய சூட்டில் காயவைத்து எடுப்பது அது. மாவும் இல்லை, கடும் சூடும் இல்லை, அளவிலும் பெரும்பகுதி வெள்ளைக்கருதான். மதுரைப் பேக்கரிகளில் கண்ணாடிப் புட்டியில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பிஸ்கட் இனம் என்று நினைத்து ஒரு குழந்தையின் கையில் கொடுத்துவிடுவோம். கேக் ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கும் மக்ரூன் கூடாது.

பன் பரோட்டாவும் அப்படித்தான். மாவு பிசையும்போது முட்டை உடைத்து ஊற்றும் கடைகள் உண்டு. சாதாரணப் பரோட்டா மாவிலும் முட்டை சேர்க்கும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். மாவில்தானே கலந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் கல்லில் சில நிமிடம்தான் கிடக்கிறது, உள் மடிப்பு மெத்தென்று இருப்பதே அதன் அழகு. அரை மணி நேர ஓவன் சூட்டுக்கு அது ஈடாகாது. பிறகு அந்தக் கல்லும் ஒரு பிரச்சினை. ஐந்து நிமிடத்துக்கு முன் கொத்துப் பரோட்டாவுக்கு முட்டை உடைத்துக் கொத்திய அதே கல்லில்தான் அடுத்த தோசையும் விழுகிறது. கரண்டியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் முட்டை போய்விடாது.

ஆஸ்பத்திரியில் நடக்கும் கேக் சோதனை

நம் திருமங்கலத்துப் பையனின் கதையைத் தொடர்வோம். பிறந்தநாள் வீட்டில் கேக் ஒத்துக்கொண்டது நல்ல அறிகுறிதான், ஆனால் சான்று ஆகாது. அந்தத் துண்டில் எவ்வளவு முட்டை இருந்தது, அது எக்லெஸ் கேக்கா என்பதுகூட யாருக்கும் தெரியாது. எனவே ஒவ்வாமை மருத்துவர் மேற்பார்வையில் ஒரு சோதனை செய்யப்படுகிறது.

வீட்டிலேயே மருத்துவர் சொன்ன அளவில் கப் கேக் சுட்டுக்கொண்டு போகச் சொல்வார்கள். கணக்கு இப்படிப் போகும்: இரண்டு முட்டைக்கு ஆறு கப் கேக். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு முட்டை. ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் என்றால், ஒரு கப் கேக்கில் சுமார் இரண்டு கிராம். கலவையை நன்றாகக் கலக்காவிட்டால் ஒரு கேக்கில் முட்டை கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் போய்விடும். ஓவனை முன்கூட்டியே சூடேற்றியிருக்க வேண்டும். நடுவில் பிட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கக் கூடாது. மேலே கிரீம், உள்ளே சாக்லேட் குழம்பு எதுவும் வேண்டாம்.

அன்று குழந்தைக்குச் சளி, காய்ச்சல், வீசிங் இருக்கக் கூடாது. இருந்தால் தேதியை மாற்றிவிடுவார்கள். அரிப்பு மருந்துகள் அறிகுறியை மறைத்துவிடும் என்பதால் மருத்துவர் சொன்னபடி சில நாட்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். முதலில் கேக்கில் எட்டில் ஒரு பங்கு. அதாவது கால் கிராம் முட்டைப் புரதம். பதினைந்து, இருபது நிமிடம் பார்த்துவிட்டு இன்னும் எட்டில் ஒரு பங்கு, பிறகு கால் பங்கு, பிறகு பாதி. மொத்தம் ஒரு கேக். கடைசி வாய்க்குப் பிறகும் இரண்டு மணி நேரம் போல அங்கேயே உட்காரவைப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தோல், உதடு, மூச்சு, வயிறு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பிள்ளை சட்டென்று விளையாட்டை நிறுத்திவிட்டு மடியில் சுருண்டு படுத்தாலும் அதைக் கவனிக்க வேண்டிய மாற்றமாகவே கொள்வார்கள். தெளிவான எதிர்விளைவு தெரிந்தால் சோதனை அங்கேயே நின்றுவிடும், சிகிச்சை தொடங்கும்.

இதை வீட்டில் செய்து பார்க்கலாமே என்று கேட்பவர்கள் நிறையப் பேர். மிகவும் வருத்தத்தோடு சொல்கிறேன், வேண்டாம். கேக் சோதனையிலும் மூச்சுத் திணறும் அளவுக்குப் போன குழந்தைகள் உண்டு. முன்பு தடிப்பு மட்டுமே வந்தது என்பதால் அடுத்த முறையும் தடிப்போடு நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆஸ்பத்திரியில் கைக்கெட்டும் தூரத்தில் அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும்; வீட்டில் எண்ணெய்த் தைலமும் பயமும்தான் இருக்கும்.

பையன் முழுக் கேக்கையும் தாங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குக் கிடைத்திருப்பது முட்டைக்கான அனுமதி இல்லை, அந்த அளவில், அந்த விதமாகச் சுட்ட முட்டைக்கான அனுமதி. வழக்கமாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அதே கேக்கைத் தொடர்ந்து கொடுக்கச் சொல்வார்கள். இப்படித் தொடர்ந்து தின்றால் ஒவ்வாமை சீக்கிரம் விலகுமா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. கேக் ஒத்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு ஒவ்வாமை இயல்பாகவே மென்மையாக இருக்கும், அவர்கள் எப்படியும் சீக்கிரம் மீள்வார்கள் என்றும் வாதிடலாம். ஆனால் உணவில் விலக்கு குறைவதும், பிறந்தநாள் வீட்டுக்குப் பிள்ளையை அழைத்துப்போக முடிவதும் சிறிய லாபம் இல்லை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாட்களில் மட்டும் நிறுத்திவைப்பது நல்லது. அப்போது வழக்கமாகத் தாங்கும் அளவும் தாங்காமல் போகலாம்.

கவரின் பின்பக்கம்

கடையில் வாங்கும் பொட்டலங்களில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்தியாவில் முட்டை சேர்ந்த உணவு அசைவம் என்று கணக்கிடப்படுகிறது. எனவே முட்டையைச் சேர்மானமாகப் போட்டிருந்தால் கவரில் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். பச்சை வட்டம் இருந்தால் முட்டை சேர்மானமாக இல்லை என்று பொருள். இதைத் தவிர, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி, ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைச் சேர்மானப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே தனியாக அறிவிக்க வேண்டும். முட்டை அந்தப் பட்டியலில் உண்டு.

பச்சை வட்டம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அதே இயந்திரத்தில் முந்தின நாள் முட்டை பிஸ்கட் ஓடியதா என்பதை அது சொல்லாது. அதற்குத்தான் ‘முட்டை இருக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கை வரி. சிறு துளிக்கே எதிர்விளைவு வந்த பிள்ளை என்றால் அந்த வரியைக் கடந்துபோகக் கூடாது.

முட்டை தன் பெயரில் வராத இடங்களும் உண்டு. ஆல்புமின், ஓவால்புமின், ‘ஓவோ’ என்று தொடங்கும் சொற்கள் எல்லாம் முட்டைதான். லைசோசைம், கவரில் சேர்க்கைப் பொருள் எண் 1105, வெள்ளைக்கருவிலிருந்து எடுப்பது. சில வகைச் சீஸில் இருக்கும். லெசித்தின், எண் 322, பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது, சில நேரம் முட்டையிலிருந்தும் வரும். எதிலிருந்து என்று கவரில் எழுதியிருக்கிறதா பாருங்கள். மயோனைஸ் தனியாகச் சொல்ல வேண்டியது. ஷவர்மா, பர்கர், சாண்ட்விச் எல்லாவற்றிலும் தடவப்படும் அது, முட்டையில் செய்தது என்றால் பெரும்பாலும் பச்சை முட்டை. பச்சை முட்டை மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது கிருமிகளுக்காகத்தானே தவிர ஒவ்வாமைக்காக இல்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு எக்லெஸ் மயோனைஸ் என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்.

கேக் ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கு லேபிள் பார்ப்பது சற்று வேறு கணக்கு. முட்டை எவ்வளவு, எப்படி வெந்தது என்ற இரண்டையும் யோசிக்க வேண்டும். சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. பட்டியலில் முட்டை மூன்றாவது இடத்திலோ அதற்குப் பின்னரோ இருக்கும் மாவுப் பண்டங்களை மட்டுமே அனுமதிப்பது பல மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் வழி. முதல் இரண்டு இடத்தில் முட்டை இருந்தால் அளவு அதிகம். ஐஸ்கிரீம், கேக் மேல் பூசும் ஐசிங், மார்ஷ்மெல்லோ போன்றவற்றில் முட்டை எந்த இடத்தில் இருந்தாலும் தவிர்க்க வேண்டும். அவை வேகவைத்த மாவு இல்லை.

பொட்டலம் இல்லாத பேக்கரிப் பண்டத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அங்கே இரண்டு கேள்வி கேளுங்கள்: மாவில் முட்டை உண்டா, மேலே பளபளப்புக்கு முட்டை பூசுகிறீர்களா? இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பன்னிலும் பப்ஸிலும் மேலே தெரியும் அந்தப் பழுப்பு மினுக்கம் பல இடங்களில் முட்டைதான். காய்கறி பப்ஸ் என்றால் உள்ளே முட்டை இல்லை என்றுதான் பொருள்.

அடிக்கடி கேட்கப்படும் சில

நாட்டுக்கோழி முட்டை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் பலமாக இருக்கிறது. பிராய்லர் பண்ணை முட்டையிலும் நாட்டு முட்டையிலும் இருப்பது அதே புரதங்கள்தான். காடை முட்டை, வாத்து முட்டை ஆகியவற்றின் புரதங்களும் மிக நெருக்கமானவை, எனவே அவற்றையும் மாற்றாகக் கொடுக்க முடியாது. மஞ்சள்கருவை மட்டும் எடுத்துக் கொடுப்பதும் சரிவராது; எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் வெள்ளைக்கரு ஒட்டிக்கொண்டு வரும். கோழிக்கறி பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளும். தட்டம்மைத் தடுப்பூசியை முட்டை ஒவ்வாமை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். அது இந்தக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பானதே.

தவறுதலாகத் தின்றுவிட்டால், பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தோலில் மட்டும் தடிப்பும் அரிப்பும் என்றால் மருத்துவர் எழுதிக் கொடுத்த அரிப்பு மருந்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்து பார்க்கலாம். குரல் கம்முவது, விடாத இருமல், மூச்சிரைப்பு, நாக்கு வீக்கம், முகம் வெளிறித் துவண்டுபோவது, தடிப்போடு தொடர் வாந்தி, இவற்றில் ஏதேனும் இருந்தால் அரிப்பு மருந்தை நம்பி நேரத்தைக் கழிக்கக் கூடாது. அதற்கு மருந்து அட்ரினலின் மட்டுமே. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது கணக்கு. நம் பையனின் பதினைந்து கிலோவுக்கு, ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள மருந்தில் 0.15 மில்லி. தானாகக் குத்தும் பேனா ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை என்பதால், ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளின் பெற்றோருக்குச் சிரிஞ்சில் எடுத்துப் போட மருத்துவர்கள் கற்றுக் கொடுப்பதுண்டு. ஊசி கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 108-ஐ அழைத்து, பிள்ளையைக் கால்களை உயர்த்திப் படுக்கவைக்க வேண்டும். மூச்சு வாங்கினால் உட்காரவைக்கலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது.

அங்கன்வாடியிலும் பள்ளிச் சத்துணவிலும் முட்டை உண்டு. கேக் தாங்கும் பிள்ளையைப் பற்றி டீச்சரிடம் “கொஞ்சம் முட்டை சாப்பிடுவான்” என்று சொல்லிவிட்டு வந்தால், அவருக்குக் கேட்பது முட்டை சாப்பிடுவான் என்பது மட்டும்தான். எழுதியே கொடுங்கள்: வேகவைத்த முட்டை, முட்டைக் குழம்பு, முட்டை கிளறிய சோறு எதுவும் கூடாது, முட்டை எடுத்த கரண்டியால் இவனுக்குப் பரிமாறக் கூடாது, பிறந்தநாள் கேக் வந்தால் வீட்டுக்கு போன் செய்து கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். சமையல் செய்யும் அம்மாவிடமும் அதை ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவர் மறுபடி பார்த்து, பையன் ஆம்லெட்டுக்குத் தயாரா என்று சோதிக்கும்போது அந்தக் கடிதத்தையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.